எழுதியது 28, வாங்கியது 10

சாரம், புதுச்சேரி

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

உங்கள் கிளினிக்கில் சீட்டு வாங்கிக்கொண்டு நேராக எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் பலர். அவர்களில் ஆன்ட்டிபயாடிக் எழுதப்பட்டவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தில் போனில் இதைச் சொல்லி முடிக்க முடியாது என்பதால் கடிதமாக எழுதுகிறேன். மருத்துவம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கவுண்டரில் நின்று நோயாளிகளுக்கு நான் என்ன விளக்கம் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதில் பிழை இருந்தால் நீங்கள் திருத்த வேண்டும்.

நீங்கள் பார்க்க முடியாத ஒரு பதிவேடு என்னிடம் இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையின்படி, சில மருந்துகளை விற்கும்போது எழுதிய மருத்துவரின் பெயர், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனியாகக் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். செஃபிக்சிம், செஃபோடாக்சிம், லீவோஃப்ளாக்சசின், காசநோய் மருந்துகள் எல்லாம் அதில் வருகின்றன. அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் வருவதில்லை. சீட்டு இல்லாமல் மருந்து விற்பதைத் தடுப்பதற்காக வந்த பதிவேடு இது. ஆனால் ‘கொடுத்த அளவு’ என்ற கட்டத்தைச் சீட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் வேறொன்றும் தெரிந்துவிடும். யார் முழுதாக வாங்கினார்கள், யார் பாதி வாங்கிப் போய்த் திரும்பி வரவே இல்லை என்பது அதில் கிடக்கிறது.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கட்டட வேலை செய்பவர். இரத்தக் கல்ச்சரில் டைபாய்டு உறுதியானது. செஃபிக்சிம், காலை ஒன்று, இரவு ஒன்று, 14 நாள் என்று சீட்டு. மொத்தம் 28 மாத்திரை. பத்து மாத்திரை அட்டை ஒன்று நூறு ரூபாயை ஒட்டி வருகிறது. ஒரு வாரமாக வேலைக்குப் போகாதவர் அவர். “இப்ப ஒரு அட்டை குடுங்க, மீதியை அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்” என்றார். கொடுத்தேன். பதிவேட்டில் 10 என்று எழுதினேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பசி எடுத்தது. ஆறாம் நாள் சாரத்தில் நின்று சித்தாள்களோடு வண்டி ஏறிவிட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடி குளிர்காய்ச்சல். இந்த முறை வேறொரு மருத்துவரிடம் போனார். “மாத்திரை சாப்பிட்டீங்களா?” என்ற கேள்விக்கு “சாப்பிட்டேன்” என்று பதில் சொன்னார். அது பொய்யில்லை. வாங்கியதை ஒன்று விடாமல் சாப்பிட்டவர்தான். கிடைத்த பதிலை வைத்து அந்த மருத்துவர், மாத்திரை கேட்கவில்லை என்று முடிவு செய்து நரம்பில் போடும் ஊசியை எழுதினார். அந்தச் சீட்டோடுதான் அவர் மறுபடி என் கடைக்கு வந்தார்.

டாக்டர் அம்மா, இந்தக் கடிதத்தின் மையம் இதுதான். தோற்றது மருந்து அல்ல. ஆனால் மருந்து தோற்றதாகக் கணக்கில் ஏறிவிட்டது. அடுத்த முறை அவருக்குக் காய்ச்சல் என்றால், “எனக்கு மாத்திரையெல்லாம் கேட்காது, ஊசிதான்” என்று அவரே சொல்லுவார். அவருடைய வீட்டாரும் அதையே சொல்வார்கள்.

ஐந்து நாளில் காய்ச்சல் விட்ட பிறகும் இன்னும் ஒன்பது நாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. டைபாய்டுக் கிருமி இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும் கிருமி மட்டும் அல்ல. இரத்தத்தில் அது மிகக் குறைவு. வியட்நாமில் டைபாய்டு நோயாளிகளிடம் எண்ணிப் பார்த்தபோது ஒரு மில்லி இரத்தத்தில் பொதுவாக ஒரே ஒரு கிருமிதான் இருந்தது. எலும்பு மஜ்ஜையில் அதைப்போல் பத்து மடங்கு. கல்லீரல், மண்ணீரல், மஜ்ஜை ஆகிய இடங்களில் கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே நம் உடம்பில் சில உயிரணுக்கள் உண்டு. டைபாய்டுக் கிருமி அந்த உயிரணுவுக்குள்ளேயே புகுந்து, அங்கேயே பெருகுகிறது. செஃபிக்சிம் இரத்தத்தில் நன்றாகப் பரவும். உயிரணுக்களுக்குள் அது நுழைவது குறைவு. ஆகவே வெளியே வரும் கிருமிகளை அது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவை தீரும்வரை இது நடக்க வேண்டும். டைபாய்டுக்குச் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்கவே ஐந்து முதல் ஏழு நாள் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காய்ச்சல் விடுகிற நாளில் மஜ்ஜைக்குள் கிருமி இருந்துகொண்டுதான் இருக்கும். நோயாளிக்கு அது தெரிய வழியில்லை. அவருக்குக் கிடைக்கும் ஒரே தகவல் உடம்புச் சூடு. அது தணிந்துவிட்டது.

டைபாய்டுக்கு வேலை செய்த முதல் ஆன்ட்டிபயாடிக் காலத்திலேயே இது தெரிந்துவிட்டது. 1948இல் அமெரிக்க மருத்துவர் தியோடர் வுட்வர்ட் இடம்பெற்ற குழு கோலாலம்பூரில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்குக் குளோராம்பெனிக்காலைச் சோதித்துக்கொண்டிருந்தது. டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களிடையே உண்மையில் டைபாய்டும் இருந்தது. காய்ச்சல் இறங்கியது. அதன்பிறகு வேண்டுமென்றே டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த முதல் பத்துப் பேரிலேயே குணமாகிப் பிறகு காய்ச்சல் திரும்பியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அதே மருந்தை மறுபடி கொடுத்தபோது அது மறுபடி வேலை செய்தது. திரும்பி வந்த கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்ட கிருமியல்ல, மீந்துபோன பழைய கிருமிதான் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. இன்றும் டைபாய்டு திரும்பி வருகிறவர்களிடம் எடுக்கும் கிருமி பெரும்பாலும் முதலில் எடுத்த கிருமியைப் போலவே மருந்துக்குக் கட்டுப்படுகிறது.

முழுக் கோர்ஸ் முடித்தவர்களிலும் சிலருக்கு டைபாய்டு திரும்பத்தான் செய்யும். அதனால் திரும்பிய காய்ச்சல் எல்லாம் பாதியில் விட்டதன் விளைவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிரித்துப் பார்க்க வழி உண்டு. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காய்ச்சல் இறங்கியதா என்பதே முதல் கேள்வி. இறங்கி, மருந்தை நிறுத்தி, ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் திரும்பினால், அது விட்ட இடத்திலிருந்து எழுந்த நோய். சரியான அளவில் ஒரு வாரம் சாப்பிட்டும் காய்ச்சல் இறங்கவே இல்லை என்றால்தான் மருந்தை எதிர்க்கும் கிருமியா, அல்லது நோயே வேறா என்று பார்க்க வேண்டும். நம் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் வருகிறது. அதற்குச் செஃபிக்சிம் எத்தனை நாள் கொடுத்தாலும் பயனில்லை. விடால் பரிசோதனை இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. முதல் நோயின்போது உண்டான எதிர்ப்பொருள் பல வாரங்கள் இரத்தத்தில் இருக்கும். ஆகவே இரண்டாவது காய்ச்சல் எதுவாக இருந்தாலும் விடால் பாசிட்டிவ் என்று வரலாம். மாத்திரை எண்ணிக்கையையும் கல்ச்சரையும்தான் நம்பலாம்.

மக்கள் ஏன் நிறுத்துகிறார்கள் என்பதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காசு ஒரு காரணம். “சூடு மாத்திரை, வாயெல்லாம் புண்ணாயிடுது” என்பது இன்னொன்று. வயிற்றுப்போக்கு வருவது உண்மையிலேயே நடக்கிறது. ஆனால் அதிகம் கவனிக்கப்படாத ஒரு காரணம் இருக்கிறது. அதை நான் அட்டையிலேயே பார்க்கிறேன். தொண்டை வலிக்கு எழுதப்படும் அசித்ரோமைசின் 500 மூன்று மாத்திரை அட்டையாக வருகிறது. நாளுக்கு ஒன்று, மூன்று நாள், முடிந்தது. அந்த மருந்து திசுக்களுக்குள் போய்த் தங்கிவிடும். உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 68 மணி நேரம், அதாவது மூன்று நாளை நெருங்கும் நேரம் ஆகிறது. மூன்றாவது மாத்திரையை விழுங்கிய பிறகும் பல நாள் அது உள்ளே வேலை செய்கிறது. செஃபிக்சிம் அப்படியல்ல. மூன்று, நான்கு மணி நேரத்தில் பாதியாகிவிடும். கடைசி மாத்திரை போட்ட மறுநாள் உடம்பில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமிருக்காது. ஆனால் ஆன்ட்டிபயாடிக் என்றால் மூன்று நாள் என்ற கணக்கை அந்தச் சின்ன அட்டை பல வீடுகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. “போன தடவை மூணு மாத்திரையிலேயே சரியாச்சே, இதுக்கு மட்டும் ஏன் இருபத்தெட்டு?” என்று என்னிடம் கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சீட்டிலும் இல்லை, அட்டையிலும் இல்லை.

இங்கே ஒன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். “பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும்” என்ற ஒரே வாக்கியத்தைத்தான் நாம் எல்லோரும் எல்லா நோய்க்கும் சொல்லி வருகிறோம். காசநோய்க்கு அது உண்மை. மற்றப் பல சாதாரணத் தொற்றுகளுக்கு அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2017இல் பிரைட்டனைச் சேர்ந்த மார்ட்டின் லுவெலினும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை வெளிப்படையாகவே எழுதினார்கள். ஆன்ட்டிபயாடிக் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் நோய்க்கிருமி மட்டும் அல்ல, குடலிலும் தோலிலும் நமக்குத் தீங்கு செய்யாமல் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் மருந்தின் முன் நிறுத்தப்படுகின்றன. அவற்றில் தாங்குகிறவை மிஞ்சிப் பெருகுகின்றன. பிறகு அவையே சிறுநீர்த் தொற்றாகவோ அறுவை சிகிச்சைப் புண்ணிலோ எழக்கூடும். தேவைக்கு மேல் சாப்பிடும் நாட்கள் அந்த வழியில் எதிர்ப்பை வளர்க்கின்றன, குறைப்பதில்லை.

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்றும் இதற்குத் துணையாக இருக்கிறது. 2 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள, கடுமையில்லாத நிமோனியா வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு அமாக்சிசிலின் மூன்று நாளும், மற்றவர்களுக்கு ஐந்து நாளும் கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினரும் ஒரே அளவில் குணமடைந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு மூன்றாம் நாளோடு நிறுத்துவது பாதியில் விடுவது ஆகாது. அதுவே முழுக் கோர்ஸ். டைபாய்டில் ஐந்தாம் நாளோடு நிறுத்துவது முற்றிலும் வேறு. இரண்டுக்கும் ஒரே பயமுறுத்தலைச் சொன்னால், ஒருமுறை பாதியில் விட்டும் ஒன்றும் ஆகாத தாய், அடுத்த முறை உண்மையிலேயே முடிக்க வேண்டிய மருந்தையும் நம்பாமல் விட்டுவிடுவார். அதனால் நான் அந்த வாக்கியத்தைச் சொல்வதை விட்டுவிட்டு, “உங்க நோய் உள்ளே ஒளிஞ்சிருக்கிற நோய், காய்ச்சல் விட்டாலும் அது போகலை” என்று டைபாய்டு நோயாளியிடம் சொல்கிறேன். நீங்களும் அதையே சொன்னால் அதற்கு மதிப்பு கூடும்.

மிச்ச மாத்திரைகள் தனிக் கவலை. நம் ஊரில் பிரான்ஸில் உறவினர் உள்ள குடும்பங்கள் நிறைய என்பதால், அங்கே நடந்ததை இங்கே சொன்னால் மக்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். பிரான்ஸில் மருந்துக்கடைகள் வழக்கமாக அட்டையை வெட்டுவதில்லை. பெட்டியோடுதான் கொடுப்பார்கள். சீட்டில் 12 இருந்து பெட்டியில் 16 இருந்தால் நான்கு வீட்டில் மிஞ்சும். 2014 இறுதியில் அங்கே 14 ஆன்ட்டிபயாடிக்குகளை எண்ணிக் கொடுத்துப் பார்க்க நான்கு பகுதிகளில் 100 மருந்துக்கடைகளைத் தேர்ந்தார்கள். 75 கடைகளில் எண்ணிக் கொடுத்தார்கள், 25 கடைகளில் வழக்கம்போல் பெட்டி. கொடுத்த மாத்திரைகள் சுமார் 10 விழுக்காடு குறைந்தன. எதிர்பாராதது இன்னொன்று: எண்ணி வாங்கியவர்களில் 91 விழுக்காட்டினர் சீட்டில் சொன்னபடி சாப்பிட்டு முடித்தார்கள், பெட்டியாக வாங்கியவர்களில் 66 விழுக்காட்டினர்தான்.

நாம் எப்போதும் எண்ணித்தான் கொடுக்கிறோம். கத்தரிக்கோல் இல்லாத மருந்துக்கடை நம் தெருவில் கிடையாது. பலன் மட்டும் அங்கே போல வரவில்லை. காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அங்கே எண்ணியது சீட்டுப்படி. இங்கே எண்ணுவது கையிலிருக்கும் காசுப்படி. போதாக்குறைக்கு, அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட ஓரம் ஒருவர் கைக்குத்தான் போகும். மற்றவருக்குப் பெயரில்லாத நான்கு மாத்திரை. அதில் இரண்டு மிஞ்சி, மஞ்சப்பையில் கிடந்து, பக்கத்து வீட்டுப் பையனின் சளிக்குப் போகிறது. சளி வைரஸால் வருவது. அந்த இரண்டு மாத்திரையால் அவனுக்கு நன்மை எதுவும் இல்லை. அவன் குடலில் உள்ள நுண்ணுயிர்களுக்குத்தான் அது போய்ச் சேர்கிறது.

சென்னையில் நடந்ததையும் நினைவுபடுத்துகிறேன். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், சானடோரியத்தில் படுத்துச் சிகிச்சை பெறுபவரையும் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுபவரையும் ஒப்பிட்டது. ஓராண்டுச் சிகிச்சையில் வீடும் சானடோரியத்துக்குக் குறையவில்லை என்று 1959இல் வெளியான முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. ஆனால் வீட்டில் இருப்பவர் உண்மையில் மருந்து சாப்பிடுகிறாரா என்பதை அந்த மையம் வெறும் வாய்ப்பேச்சில் விடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்தின் சுவடு இருக்கிறதா என்று சோதித்தார்கள். உடம்பு தேறியதும் மருந்து தவறுகிறது என்பதைக் கண்டார்கள். அதன் பிறகுதான் செவிலியர் கண்முன்னே வாரம் இருமுறை மருந்து கொடுக்கும் முறையை அதே மையம் 1960களில் சோதித்துக் காட்டியது. நோயாளியைத் திட்டுவதில் அவர்கள் நேரம் செலவிடவில்லை. எண்ணுவதற்கு ஆள் வைத்தார்கள், முறையை மாற்றினார்கள்.

நம் தெருவுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. எண்ணும் வேலை ஏற்கெனவே என் கவுண்டரில் நடக்கிறது. அந்த எண் உங்கள் மேசைக்கு வருவதில்லை, அவ்வளவுதான். எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

சீட்டில் ‘14 நாள்’ என்று எழுதுவதோடு மருந்து முடியும் தேதியையும் எழுதுங்கள். அந்தத் தேதியை உறையில் பெரிதாக எழுதி, “இந்தத் தேதி வரைக்கும்” என்று நான் சொல்லி அனுப்புகிறேன். முடிக்கவே வேண்டிய மருந்து எது, காய்ச்சல் விட்டால் உங்களைக் கேட்டு நிறுத்தக்கூடியது எது என்பதைச் சீட்டின் ஓரத்தில் ஒரு குறியாகப் போட்டால், இரண்டு வகை நோயாளிகளுக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லும் நிலை எனக்கு வராது. கையில் காசில்லாதவர் என்று உங்களுக்குத் தெரிந்தால் இரண்டு தவணையாக வாங்கலாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். இரண்டாம் தவணை நாளன்று வராதவரை, அவர் சம்மதித்துக் கொடுத்த எண்ணில் நான் அழைக்கிறேன். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மருந்து என்றால் மீதியை அங்கே வாங்கச் சொல்லி அனுப்புவதிலும் எனக்கு வருத்தமில்லை. விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை.

வயிற்றுப்போக்கோ உடம்பில் தடிப்போ வந்து நிறுத்துகிறவர்களை நான் உங்களிடமே திருப்பி அனுப்புவேன். அவர்கள் தாங்களாகவே தொடர்வதும் ஆபத்து, தாங்களாகவே விடுவதும் ஆபத்து.

கடைசியாக ஒன்று. காய்ச்சல் திரும்பி வந்தவர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அடுத்த மருந்தை எழுதுமுன் கடைக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். எச்-1 மருந்தென்றால் எத்தனை மாத்திரை கொடுத்தேன் என்று பதிவேட்டைப் பார்த்து உடனே சொல்லிவிடுவேன். மற்ற மருந்தென்றால் பில்லைத் தேடிச் சொல்கிறேன். காலை எட்டரை முதல் இரவு பத்து வரை கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கிளினிக்குக்கு அடுத்த தெரு மருந்தாளுநர்